ஆபீஸ் நாள்ல காலையில 4 தடவை பாத்ரூம், ஞாயித்துக்கிழமை ஒரே தடவை. இது நிஜமாவே டென்ஷன்தானா?

தாம்பரம்_8_10
எல்லாருக்கும் வணக்கம், இத வீட்டுல கூட முழுசா சொன்னதில்ல, இங்க கேக்குறேன். வயசு 29. தாம்பரத்துல இருந்து 8:10க்கு கம்பெனி பஸ், ஆபீஸ் போய்ச் சேர ஒண்ணே கால் மணி நேரம் ஆகும், நடுவுல எங்கயும் நிக்காது. காலையில 5:30க்கு எந்திரிச்சதுல இருந்து கிளம்புறதுக்குள்ள 4 தடவை, சில நாள் 5 தடவை மோஷன் போறேன். செருப்பு மாட்டும்போது மறுபடி அடிவயிறு கலக்கும். ஞாயித்துக்கிழமை அதே வீடு அதே இட்லி அதே காபி, ஒரே தடவைதான். போன வருஷம் ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆகி 5 நாள் படுத்துட்டேன், அதுக்கு முன்னாடி இந்தப் பிரச்சனையே கிடையாது. பிளட் டெஸ்ட், தைராய்டு, மோஷன் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, எல்லாமே நார்மல். டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு "ஒண்ணுமில்ல, டென்ஷன், ஐபிஎஸ்ங்கிற குடல் கோளாறு"ன்னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டார். வலிக்குது, ஓடுறேன், ஆனா ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்? நானா கற்பனை பண்றேனா?

மதுரை_சுப்பு
தம்பி எனக்கும் இதேதான், ஒரு வருஷமா. சாப்பிட்ட உடனே ஓடணும். நான் காபிய நிறுத்துனேன், காரத்த நிறுத்துனேன், ஒண்ணும் கேக்கல. கேஸ் ட்ரபிளா இருக்கும், வெறும் வயித்துல சீரகத் தண்ணி குடிச்சுப் பாருங்க.

குரோம்பேட்டை_நர்ஸ்
சுப்பு அண்ணே, சுகர் மாத்திரை ஏதும் போடுறீங்களா?

மதுரை_சுப்பு
ஆமாம்மா, மெட்ஃபார்மின், போன வருஷம்தான் ஆரம்பிச்சாங்க. ஏன்?

குரோம்பேட்டை_நர்ஸ்
அப்ப உங்க கதை வேறண்ணே. மெட்ஃபார்மின் நிறைய பேருக்கு லூஸ் மோஷன் குடுக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா மெதுவா கரையுற வகைக்கு மாத்தித் தருவாங்க, பலருக்கு அதுலயே சரியாகுது. தம்பி பிரச்சனை ஞாயித்துக்கிழமை இல்ல, அதுதான் வித்தியாசம். உங்க மாத்திரைக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது.

பயோம்_வெங்கட்
ப்ரோ, இது கட் பிரெய்ன் ஆக்சிஸ், அதாவது குடலுக்கும் மூளைக்கும் இருக்க தொடர்பு. உடம்புல இருக்க செரடோனின்ங்கிற ரசாயனத்துல 90 சதவீதம் குடல்லதான் உருவாகுது, மூளையில இல்ல. அதாவது நம்ம சந்தோஷம், பயம் எல்லாமே குடல்ல இருந்துதான் மேல போகுது. நல்ல பாக்டீரியா கொறஞ்சா செரடோனின் கொறையும், அப்ப பதட்டம் வரும், பதட்டம் வந்தா மோஷன். ப்ரோபயோடிக் ஒரு மாசம் எடுங்க, பழைய சோறு தண்ணி குடிங்க, டென்ஷனே போயிடும்.

பிசியாலஜி_டீச்சர்
நான் மெடிக்கல் காலேஜ்ல 26 வருஷம் பிசியாலஜி பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவ, நோயாளி பாக்குற டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. தாம்பரம் தம்பி, கற்பனை இல்லப்பா. உங்க குடல் நிஜமாவே சுருங்குது, அத கண்ணால பாத்தவங்க இருக்காங்க.

1940-கள்ல நியூயார்க்ல தாமஸ் ஆல்மின்னு ஒரு டாக்டர். ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட் பரிசோதனைக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கான், ஆசனவாய் வழியா குழாய் விட்டு பெருங்குடலோட உள்சுவத்த பாத்துக்கிட்டு இருக்காங்க, எல்லாம் அமைதியா இருக்கு. அப்ப அவன் காதுல விழுற மாதிரி "இங்க ஒரு கேன்சர் கட்டி இருக்கு"ங்கிற மாதிரி பேசிக்கிட்டாங்க. அவ்வளவுதான், அவங்க கண்ணு முன்னாடியே குடல் சிவந்து இறுக்கமா சுருங்க ஆரம்பிச்சிருச்சு. பொய்தான்னு எடுத்துச் சொன்னப்புறம் தளர்ந்து பழையபடி ஆயிருக்கு. இன்னைக்கு ஒரு பையன இப்படிப் பயமுறுத்த எந்தக் கமிட்டியும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனா "வயித்துல புளியக் கரைக்குது"ன்னு நம்ம பாட்டிங்க சொன்னது குடல் சுவத்துல அப்படியே தெரிஞ்சிருக்கு.

டெஸ்ட் நார்மல்னா புண் இல்ல, கட்டி இல்ல, வீக்கம் இல்லன்னு அர்த்தம். குடல் எப்படி அசையுது, அதுல இருந்து நரம்பு என்ன சேதி அனுப்புதுங்கிறத ஸ்கேன் காட்டாது. "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னதுக்குப் பதிலா "புண் இல்ல, நரம்புப் பேச்சுல கோளாறு"ன்னு அவர் சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு மனசு ஒடிஞ்சிருக்க மாட்டீங்க.

தாம்பரம்_8_10
டீச்சர், படிச்சுட்டு கண்ணு கலங்கிருச்சு, நன்றி. ஆனா ஒண்ணு புரியல. பயந்தா பசி எடுக்காது, சாப்பாடு செரிக்காம அப்படியே நிக்கும், மீட்டிங் அன்னைக்கு எனக்கு மதியம் வரைக்கும் காலை இட்லியே வயித்துல இருக்கு. அப்ப எல்லாமே ஸ்லோ ஆகணும்ல? கீழ மட்டும் ஏன் வேகமாகுது?

பிசியாலஜி_டீச்சர்
என் ஸ்டூடன்ட்ஸ்ல நல்ல பசங்க கேக்குற கேள்வி இது. பயம் வந்தா மேல பிரேக், கீழ ஆக்சிலரேட்டர், ரெண்டும் ஒரே நேரத்துல.

மேல பிரேக்குங்கிறத 1890-கள் கடைசியிலயே அமெரிக்காவுல வால்டர் கேனன் பாத்துட்டார். பூனைக்கு சாப்பாட்டுல எக்ஸ்ரேல தெரியுற பிஸ்மத் கலந்து குடுத்து, அப்பத்தான் புதுசா வந்திருந்த எக்ஸ்ரேல இரைப்பை அலை அலையா அசையுறத பாத்துக்கிட்டு இருக்கார். பூனை மிரண்டு கோவப்பட்டா அலை நின்னுரும், தடவிக்குடுத்து அமைதியானா மறுபடி ஆரம்பிக்கும்.

கீழ நடக்குறது பின்னாடிதான் தெளிவாச்சு. பயம் வந்தா மூளையோட அடிப்பக்கத்துல இருந்து சிஆர்ஹெச்னு ஒரு ரசாயனம் கெளம்பும், அது என்னன்னு 1981-ல கண்டுபிடிச்சாங்க. அத எலி மூளைக்குள்ள கொஞ்சம் விட்டா இரைப்பை மந்தமாகுது, பெருங்குடல் வேகமாகுது. வேற எந்தப் பயமும் காட்டலங்கிறத கவனிங்க, அந்த ரசாயனம் ஒண்ணே போதுமா இருந்திருக்கு. இரைப்பைக்கும் பெருங்குடலோட கடைசிப் பகுதிக்கும் கட்டளை ஒரே வயர்ல வர்றதில்ல. மேல் பகுதிக்கு கழுத்து வழியா இறங்குற வேகஸ் நரம்பு, கடைசிப் பகுதிக்கு இடுப்புக்குக் கீழ முதுகுத்தண்டோட அடியில இருந்து வர்ற தனி நரம்பு. அதனால ஒண்ண நிறுத்தி இன்னொண்ண முடுக்க முடியுது. ஜப்பான்ல மனுஷங்களுக்கே சிஆர்ஹெச் ஊசி போட்டுப் பாத்தாங்க, ஐபிஎஸ் உள்ளவங்களோட பெருங்குடல் மத்தவங்களோடத விட அதிகமா துடிச்சுது.

அப்ப அத தடுக்குற மருந்து குடுத்தா சரியாயிடுமேன்னு தோணும். மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, எதிர்பார்த்த பலன் வரல. ஒரே ரசாயனத்துல முடியுற கதை இல்ல இது.

வெங்கட் தம்பி, 90 சதவீதம்னு நீங்க சொன்ன கணக்கு சரி. ஆனா குடல்ல உருவாகுற செரடோனின் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள நுழைய முடியாது, நடுவுல தடுப்பு இருக்கு, மூளை தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்குது. குடல்ல அதோட வேலை சந்தோஷம் குடுக்குறது இல்லப்பா. உள்ள சாப்பாடு வந்து சுவர் விரியும்போது அங்க இருக்க செல் செரடோனின விடும், பக்கத்து நரம்பு அத வாங்கிக்கிட்டு "தள்ளு"ன்னு தசைக்குச் சொல்லும். குடல்ல அது ஜாஸ்தியானா சந்தோஷம் வராது, பேதிதான் வரும்.

பயோம்_வெங்கட்
ஓகே டீச்சர், மூளைக்குள்ள போகாதுங்கிறத ஒத்துக்குறேன். ஆனா வேகஸ் நரம்புல 80 சதவீதம் இழை கீழ இருந்து மேலதான சேதி கொண்டுபோகுது? அப்ப குடல்தான மூளைக்கு அதிகமா பேசுது? 2004-ல ஜப்பான்ல பாக்டீரியாவே இல்லாம வளத்த எலிங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரொம்ப அதிகமா ஏறுச்சு, ஒரு பாக்டீரியாவ குடுத்ததும் குறைஞ்சுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பிசியாலஜி_டீச்சர்
ரெண்டுமே உண்மை, மறுக்கல. அந்த எலி ஆராய்ச்சி அருமையானது. ஆனா அது பாக்டீரியாவே இல்லாத எலி, தம்பி வயித்துல கோடிக்கணக்குல இருக்கு. எந்த ப்ரோபயோடிக், எவ்வளவு, யாருக்குன்னு மனுஷங்கள்ல இன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. சிலருக்கு உப்புசம் குறையுது. "டென்ஷனே போயிடும்"னு சொல்றத மட்டும்தான் நான் ஏத்துக்க மாட்டேன்.

பயோம்_வெங்கட்
எனக்கு பழைய சோத்துல நல்லா ஆச்சு டீச்சர், அத நான் விட மாட்டேன்.

பிசியாலஜி_டீச்சர்
விட வேணாம்ப்பா, நல்ல சாப்பாடுதான் அது.

சேலம்_கவிதா
நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க. எனக்கு டென்ஷன்னா தலைகீழ், 4 நாள் ஆனாலும் மோஷன் வராது. ஃபீல்டு சர்வே வேலை, வீடு வீடா போகணும், பகல் முழுக்க பாத்ரூம் கிடையாது, அதனால வந்தாலும் அடக்கிப்பேன். இப்ப லீவு நாள்ல கூட வரமாட்டேங்குது. அதே ரசாயனம்தான்னா எனக்கு ஏன் மாறி நடக்குது?

பிசியாலஜி_டீச்சர்
கவிதாம்மா, உங்க விஷயத்துல ரசாயனத்த விட அடக்குறதுதான் பெருசு. மலக்குடல் நிறைஞ்சா அது விரியும், "வா"ன்னு ஒரு உணர்வு வரும். நீங்க இறுக்கிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல குடல் தளர்ந்து இடம் குடுத்துரும், உணர்வு மறைஞ்சிரும். தினமும் அப்படியே செஞ்சா அடுத்த தடவை உணர்வு வர இன்னும் அதிகமா நிறைய வேண்டியிருக்கும், அதுக்குள்ள தண்ணிய உறிஞ்சி கெட்டியாயிரும். இன்னொண்ணு, பதட்டமானவங்க தோள இறுக்குற மாதிரியே இடுப்படித் தசையையும் தெரியாமலே இறுக்கிக்கிட்டு இருப்பாங்க, முக்கும்போது தளர வேண்டிய தசை அப்பவும் இறுகும். பாத்ரூம் இல்லாம பொம்பளைங்கள நாள் முழுக்க அலைய விடுற வேலை இருக்கே, அது நோய உண்டாக்குற வேலை, இத கோவத்தோடதான் எழுதுறேன். காலையில சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள்ள, வந்தாலும் வராட்டியும் உக்காருங்க, காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கோங்க. தம்பிக்கு யாராவது மாத்திரை சொன்னா அத பாத்து நீங்க எடுத்துராதீங்க, உங்களுக்கு இன்னும் கட்டிரும்.

குரோம்பேட்டை_நர்ஸ்
தாம்பரம் தம்பி, ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. எத்தனை மணிக்கு, எந்த மாதிரி (பிரிஸ்டல் சார்ட்னு இருக்கு, 1-ல இருந்து 7 வரைக்கும் படம், 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 4 வாழப்பழம் மாதிரி, 7 வெறும் தண்ணி), அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்கன்னும் எழுதுங்க. ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி மோஷன் போக வைக்குதா, ரத்தம் வருதா, எடை குறையுதா, இத முதல்ல இப்பவே சொல்லுங்க.

தாம்பரம்_8_10
ராத்திரி இல்லக்கா. ரத்தம் இல்ல. எடை ஒரு கிலோ ஏறித்தான் இருக்கேன். எழுதிட்டு வர்றேன்.

*(16 நாள் கழிச்சு)*

தாம்பரம்_8_10
நோட்டு போட்டேன். ஆபீஸ் நாள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி. 5:40க்கு முதல் தடவை, 4-ஆம் நம்பர், நிம்மதியா போகுது. 6:15க்கு காபி, 6:30க்கு ரெண்டாவது, 5 இல்ல 6. அப்புறம் குளிச்சு சட்டை போட்டு 7:20க்கு மூணாவது, 7:45க்கு நாலாவது. இந்த மூணும் நாலும்தான் எனக்கு ஆச்சரியம், இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல: ஓடிப்போய் உக்காந்தா ஒண்ணுமே வரல, கொஞ்சம் சளி மாதிரி, அவ்வளவுதான். ஆனா உள்ள நிறைய இருக்குற மாதிரியே இருக்கு. ஒரு நாள் பஸ் டிரைவர் போன் பண்ணி முக்கால் மணி லேட்டுன்னார், உடனே கலக்கல் நின்னுருச்சு, 8:30க்கு மறுபடி வந்துச்சு.

பிசியாலஜி_டீச்சர்
தம்பி, இந்த நோட்டு எந்த ஸ்கேனையும் விட அதிகம் சொல்லுது.

முதல் தடவை எல்லாருக்கும் நடக்குறது. ராத்திரி பெருங்குடல் தூங்கும், நீங்க எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும், ஒரு பெரிய அலை வரும். காபியோ சாப்பாடோ இரைப்பையில விழுந்தா பெருங்குடலுக்கு இன்னொரு தள்ளு போகும், அது ரெண்டாவது. ஞாயித்துக்கிழமையும் இந்த ரெண்டு அலையும் வரும், ஆனா முடுக்கிவிட பயம் இல்லாததால ஒரே தடவையில முடியுது. குடல் சுவத்துக்குள்ள 10 கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, இந்த அலை ஓட்டுறதெல்லாம் அதோட சொந்த வேலை, மூளை கூட வேணாம். 1899-ல லண்டன்ல பெய்லிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் நாய்க்குடலுக்கு வெளியில இருந்து வர்ற நரம்பையெல்லாம் வெட்டிட்டும் பாத்தாங்க, குடல் தானா பின்னால சுருங்கி முன்னால தளர்ந்து உள்ள இருந்தத தள்ளிக்கிட்டே இருந்துச்சு. மூளை வந்து அந்த வேகத்த கூட்டுது குறைக்குது, அவ்வளவுதான்.

மூணும் நாலும் வேற விஷயம். அங்க மலம் இல்ல, உணர்வு மட்டும்தான் இருக்கு. 1973-ல குடலுக்குள்ள ஒரு சின்ன பலூன் விட்டு 60 மில்லி காத்து ஊதிப் பாத்தாங்க. சாதாரண ஆளுங்கள்ல 100க்கு 6 பேர் வலிக்குதுன்னாங்க, ஐபிஎஸ் உள்ளவங்கள்ல 55 பேர். அதே அளவு காத்து, ஆனா அங்க இருக்க நரம்பு சத்தமா பேசுது. உங்களுக்கு ஒரு துளி காத்தோ சளியோ "நிறைஞ்சிருச்சு"ன்னு கேக்குது.

நரம்பு ஏன் சத்தமாச்சுன்னா, எனக்கு அந்தக் கல்யாணச் சாப்பாட்டு மேலதான் சந்தேகம். கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர், 2000 மே மாசம் குடிதண்ணியில கிருமி கலந்து 2000 பேருக்கு மேல படுத்தாங்க, 7 பேர் இறந்துட்டாங்க. அந்த ஊர்க்காரங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தப்ப, கிருமி போனப்புறமும் பலருக்கு ஐபிஎஸ் தங்கியிருந்துச்சு, ஏற்கனவே பதட்டம் உள்ளவங்களுக்கு இன்னும் கூடுதலா. தொற்று போயிருச்சு, ஆனா நரம்புக்குப் பக்கத்துல இருக்க காவல் செல்லுங்க இன்னும் உஷாரா நிக்குதுங்க. அதுக்கு மேல பஸ் பயம்.

தாம்பரம்_8_10
அப்ப 7:20க்கு போகாம இருக்கணுமா? அது முடியாது டீச்சர், பஸ்ல ஏதாவது ஆயிட்டா வாழ்க்கையில தலை நிமிர முடியாது.

குரோம்பேட்டை_நர்ஸ்
ஒரே நாள்ல இல்ல தம்பி. நான் வேலை பாக்குற இடத்துல சொல்லிக்குடுக்குறது இது. காபிய 6:15ல இருந்து 5:45க்கு கொண்டு வாங்க, டிபனையும் 6:30க்குள்ள முடிங்க, பெரிய அலை ரெண்டும் வீட்டுலயே வந்து முடியட்டும். 7:20க்கு கலக்குனா உடனே ஓடாம 5 நிமிஷம் உக்காந்து வயிறு மட்டும் ஏறி இறங்குற மாதிரி மூச்சு விடுங்க, உள்ள 4 எண்ணி, வெளிய 6 எண்ணி. 5 நிமிஷத்துக்கு அப்புறமும் இருந்தா போங்க. அடுத்த வாரம் 10 நிமிஷம். உணர்வு அலை மாதிரி ஏறி இறங்குறத நீங்களே பாக்கணும், ஒவ்வொரு தடவையும் ஓடுனா அது இறங்கும்னு உங்க மூளைக்குத் தெரியவே தெரியாது. முக்கியமான நாளுக்கு மட்டும் மோஷன கட்டுற லோபராமைடு 2 மில்லிகிராம், கிளம்புறதுக்கு முன்னாடி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அது குடல் சுவத்துலதான் வேலை செய்யும், சொன்ன அளவுல மூளைக்குப் போகாது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போடக்கூடாது.

தாம்பரம்_8_10
வேற டாக்டர்கிட்ட நோட்டோட போனேன். 20 நிமிஷம் பேசுனார். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரி எழுதியிருக்கார். கூகுள்ல பாத்தா டிப்ரஷன் மாத்திரைன்னு வருது. என்ன மனநோயாளின்னு நெனைச்சுட்டாரா?

பிசியாலஜி_டீச்சர்
இல்லவே இல்ல. டிப்ரஷனுக்குக் குடுக்குற அளவு இதவிட பல மடங்கு. இந்தச் சின்ன அளவுல அது குடல்ல இருந்து மேல போற வலிச் சேதிய குறைக்குது, கூடவே குடல கொஞ்சம் மந்தமாக்குது, அதான் உங்களுக்கு ஒத்துவரும், கவிதாவுக்கு ஒத்துவராது. பிரிட்டன்ல 463 ஐபிஎஸ் நோயாளிங்களுக்கு 10ல இருந்து 30 மில்லிகிராம் வரைக்கும் 6 மாசம் குடுத்துப் பாத்து 2023-ல முடிவு வந்துச்சு, வெத்து மாத்திரைய விட நல்லா வேலை செஞ்சிருக்கு. வாய் வறளும், காலையில தூக்கக் கலக்கம் இருக்கும். பலன் தெரிய சில வாரம் ஆகும், மூணாம் நாள் நிறுத்திராதீங்க.

*(7 வாரம் கழிச்சு)*

தாம்பரம்_8_10
அப்டேட். இப்ப பெரும்பாலான நாள் 2 தடவை. 7:20 கலக்கல் வருது, ஆனா 8 நிமிஷத்துல இறங்கிருது, நான் கடிகாரத்த பாத்துட்டே இருப்பேன். வாய் வறட்சி இருக்கு. மாசக் கடைசி ரிவ்யூ மீட்டிங் அன்னைக்கு மட்டும் இன்னும் 4 தான், அது ஏன்னு தெரியல, மூச்சும் அன்னைக்கு உதவல. லோபராமைடு ரெண்டு தடவைதான் போட்டேன்.

மதுரை_சுப்பு
சந்தோஷம் தம்பி. எனக்கு மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க, முக்கால்வாசி சரியாயிருச்சு. நர்ஸம்மாவுக்கு நன்றி.

திருச்சி_அம்மா
டீச்சர், என் பையன் 10 வயசு. ஸ்கூல் கிளம்பும்போது தினமும் வயித்து வலி, ரெண்டு மூணு தடவை போறான். படிச்சதுல இருந்து இதுவும் ஐபிஎஸ்தான்னு தோணுது, மூச்சுப் பயிற்சி குடுக்கலாமா?

பிசியாலஜி_டீச்சர்
லீவு நாள்ல எப்படி? ராத்திரி எந்திரிச்சுப் போறானா? எடை, உயரம் எப்படி இருக்கு?

திருச்சி_அம்மா
லீவுலயும் இருக்கு, கொஞ்சம் கம்மியா. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சான் இந்த மாசம். போன வருஷ யூனிஃபார்ம் பேன்ட் இடுப்புல லூஸாகுது, பெல்ட் போட்டு அனுப்புறேன்.

பிசியாலஜி_டீச்சர்
அம்மா, இது தாம்பரம் தம்பி கதை இல்ல. வளர்ற வயசுல பேன்ட் லூஸாகக் கூடாது. மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம், நாளைக்கே குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ராத்திரி எந்திரிக்கிறதையும் பேன்ட் விஷயத்தையும் முதல்ல சொல்லுங்க. மோஷன்ல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க, குடல்ல வீக்கம் இருந்தா அதுல தெரியும்.

திருச்சி_அம்மா
காலையில 9 மணிக்கு டோக்கன் போட்டுட்டேன் டீச்சர். பாத்துட்டு வந்து எழுதுறேன்.